குலுக்கிப் பார், தூக்கிப் பார், மோந்து பார்

போன வருசம் சித்திரையில் நான் ஆட்டின தேங்காய் எண்ணெயில் ஒரு டின் அப்படியே திரும்பி வந்தது. வாங்கினவர் சண்டை போடவில்லை. "மோந்து பாருங்க"ன்னு மட்டும் சொன்னார். காறல் வாடை.

பருப்பைத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது. குடுமியை முழுசா வழித்து எடுத்த காய்களை ஒரு மாசத்துக்கு மேல் கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன். குடுமி போனால் மூன்று கண்ணும் வெளியே தெரியும். அதில் மெல்லிசா இருக்கிற கண் வழியாகத்தான் காற்றும் ஈரமும் பூஞ்சையும் முதலில் உள்ளே போகும். மயிரிழை விரிசலும் அதே வேலையைச் செய்யும்.

இப்போ காய் பொறுக்கும்போது ஒரே பருமனில் இரண்டைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். கனமான காயைக் காதோரம் வைத்துக் குலுக்குவேன். தண்ணீர் நிறைய இருந்து, மேலே கொஞ்சம் இடம் விட்டுச் சலசலத்தால் நல்ல முற்றின காய். சத்தமே வராமல் கனமாக இருந்தால் இளங்காயாக இருக்கலாம், இல்லைன்னா முளைவிட்டு உள்ளே பூ வைத்திருக்கும். லேசாக இருந்து தண்ணீரும் குறைவாக ஆடினால் நாள்பட்ட காய். அதையெல்லாம் கெட்டதுன்னு தள்ள வேண்டாம். தண்ணீர் வற்றி, பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று கடகடன்னு உருண்டால், அது கொப்பரையாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் விரிசலில் தண்ணீர் ஒழுகிப்போன காயும் லேசாகத்தான் இருக்கும். அதனால் கண்ணை விரலால் அழுத்திப் பார்க்கணும். ஈரமாகவோ மெத்தென்றோ இருந்தால் அந்தக் காய் வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் தப்பி வருவது உண்டு. அதனால் உடைத்த தண்ணீரை மொத்தப் பாத்திரத்தில் ஊற்றுவதில்லை. ஒவ்வொரு காய்க்கும் ஒரு டம்ளர். முதலில் மோந்து பார்ப்பேன். புளிச்ச கள்ளு மாதிரி வாடை வந்தால் வாயில் வைக்கவே மாட்டேன். அந்தக் காயின் பருப்பும் பிசுபிசுப்பாக, மஞ்சளோ ஊதாவோ தட்டியிருக்கும். கெட்ட இடத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சட்னிக்கு அரைப்பது எங்க வீட்டிலும் இருந்த பழக்கம்தான். இப்போ விட்டாச்சு. புளிப்பு தண்ணீர் பட்ட இடமெல்லாம் இறங்கியிருக்கும். மாட்டுக்கும் போடுவதில்லை, குப்பைக்குழிக்குத்தான்.

காறல் வேறு. அது கொழுப்பு கெடுவது. பருப்பு பார்க்க வெள்ளையாகக்கூட இருக்கும், புளிப்பு வாடையும் இருக்காது. ஒரு சின்னத் துண்டை மென்று பார்த்தால் முதலில் சோப்பு மாதிரி, அப்புறம் தொண்டையில் கரகரப்பு. அரையும் குறையுமாகக் காய்ந்த பருப்பைக் காற்றாடாமல் குவித்து வைத்தால் இது சீக்கிரம் வரும். காய்ச்சினாலும் வடிகட்டினாலும் போகாது. நான் அந்த டின்னை விளக்கெரிக்க வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை குடுமியோடுதான் காய் உரிக்கச் சொல்லியிருக்கிறேன். உடைக்கிற அன்றைக்குத்தான் குடுமியை எடுப்பது.