மரக்காணத்தில் குழாய் உடைந்தால் கிளியனூர் பிளம்பர் கண்ணில் படுவது எப்படி?

கிளியனூர் பிளம்பருக்குத் திண்டிவனம்–புதுச்சேரி சாலையோர வேலைகள் எப்படியும் வந்துவிடும். மரக்காணத்து வேலைதான் கை நழுவும். அங்கே ஒருவர் கைப்பேசியில் "பிளம்பர்" என்று தேடினால், கூகுள் மேப் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே முதலிடம் தரப் பார்க்கும்.

முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள். வாடிக்கையாளர் நம் இடத்துக்கு வருவதில்லை என்றால் முகவரியை மறைத்துவிட்டு, வேலைக்குப் போகும் ஊர்களைச் சேர்க்கலாம். 20 வரை இடமுண்டு. கிளியனூரைத் தேர்வுசெய்யும்போது மாவட்டத்தைப் பாருங்கள், மயிலாடுதுறைப் பக்கமும் ஒரு கிளியனூர் இருக்கிறது. பெயர்ப் பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். "நம்பர் ஒன் பிளம்பர் மரக்காணம்" என்று ஒட்டுப்போட்டால் ப்ரொஃபைலே முடக்கப்படலாம்.

ஊரைப் பட்டியலில் சேர்த்ததும் அங்கே முதலிடம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. தூரத்து ஊருக்கு மேப்பைவிட, அதற்குக் கீழே வரும் சாதாரணத் தேடல் முடிவுகளில்தான் நமக்கு வாய்ப்பு. அதற்காகத்தான் நம் வெப்சைட்டில் ஊருக்கொரு பக்கம். தலைப்பில் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்தும் இருக்கட்டும்:

```html
<title>மரக்காணம் பிளம்பர் | Plumber in Marakkanam</title>
```

ஒரே பக்கத்தை நகலெடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றுவது வீண்வேலை. கூகுள் அதை ஸ்பாம் கணக்கில் வைக்கிறது. மரக்காணத்துப் பக்கத்தில் மரக்காணத்துச் சங்கதி வேண்டும். உப்பளக் காற்றில் ஜிஐ பைப்பின் மரை துருப்பிடித்து இற்றுப்போகும். திருகும்போதே ஒடிந்து பாதி சுவருக்குள் தங்கிவிடும். அதை எப்படி எடுத்தீர்கள், எதற்காக சிபிவிசி பைப்பும் பிடிஎம்டி டேப்பும் போட்டீர்கள் என்று எழுதி, பழைய பைப்பின் படத்தையும் போடுங்கள். இப்படிச் சொல்ல ஒன்றுமில்லாத ஊருக்குப் பக்கமே வேண்டாம்.

அடுத்து ரிவ்யூ. ப்ரொஃபைலில் அதற்கான லிங்க்கும் க்யூஆர் கோடும் கிடைக்கும். வேலை முடிந்த அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "ஐயா, இன்னிக்கு உங்க வீட்டு மாடித் தொட்டி லைன் மாத்தினோம். வேலை எப்படி இருந்ததுன்னு இந்த லிங்க்ல எழுதுங்க." திருப்தியானவர்களுக்கு மட்டும் அனுப்புவதும், ஐந்து நட்சத்திரத்துக்குக் கூலியில் தள்ளுபடி தருவதும் கூகுள் விதிப்படி கூடாது. சொந்தக்காரர்களை விட்டு ஒரே நாளில் எழுதவைத்தால் அவை நீக்கப்படக்கூடும்.

குறை சொன்னவருக்கும் பதில் எழுதுங்கள். "டேப் ஒழுகுது" என்றால் எந்த நாளில் வந்து பார்ப்பீர்கள் என்பதைச் சொன்னால் போதும், வாதம் வேண்டாம். அடுத்து கூப்பிடப்போகிறவர் அந்தப் பதிலைத்தான் படிப்பார்.

பலன் தெரிகிறதா என்று கிளியனூரில் உட்கார்ந்து தேடாதீர்கள். பக்கத்தில் இருப்பதால் நம் பெயர்தான் வரும். மரக்காணத்து வாடிக்கையாளர் ஒருவரைத் தேடச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள்.