வியர்வை காய்ந்த பிறகே மிஸ்ட்

மாசாயிலிருந்து பாசீர் கூடாங்குக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பலரும் காலையில் பாடி மிஸ்ட்டைத் தாராளமாக அடித்துக்கொள்கிறார்கள். மதியத்துக்குள் வாசனை போய்விடுகிறது, அல்லது பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வருகிறது. மிஸ்ட்டில் பெரும்பகுதி ஆல்கஹாலும் தண்ணீரும்தான். வாசனை எண்ணெய் மிகக் குறைவு. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதை நம்பக்கூடாது.

குளித்துத் துவட்டி, மின்விசிறிக்கு முன்னால் நின்று உடம்பு காய்ந்ததும் வாசனையில்லாத லோஷனை மெல்லிசாகப் பூசுங்கள். வறண்ட தோலைவிட ஈரப்பதமுள்ள தோலில் வாசனை கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். அதன்மேல் மிஸ்ட், மூன்று நான்கு அமுக்கு போதும். வியர்வைமேல் அடிப்பது வீண். ஜொகூர் ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் காயாது. அதன் வாடையும் மிஸ்ட்டும் கலந்து மூன்றாவதாக ஒரு வாடை வரும்.

இனிமேல்தான் பலர் தடுமாறும் இடம். வாசனைகளை அடுக்கப் போகிறோம் என்று நினைக்கும்போதே உங்கள் மேல் நான்கு வாசனை ஏறியிருக்கும்: சோப்பு, பவுடர், சட்டையின் சாஃப்ட்னர், தலையில் தேங்காய் எண்ணெய். அதனால் முதலில் கழிக்க வேண்டும். சந்தன சோப்பும் தேங்காய் எண்ணெயும் விடமுடியாதவை என்று வைத்துக்கொள்வோம். பவுடரை நிறுத்துங்கள், சாஃப்ட்னரை வாசனையில்லாததாக மாற்றுங்கள். மிஸ்ட் எலுமிச்சை அல்லது வெட்டிவேர் வகையாக இருக்கட்டும். எலுமிச்சை சீக்கிரம் பறந்தாலும் அடியில் சந்தனம் நிற்கும். இதில் வெனிலாவைச் சேர்த்தால் வெயிலில் திகட்டிவிடும். வெள்ளிக்கிழமை மல்லிகை வைக்கும் நாளில் மிஸ்ட்டே வேண்டாம்.

வாங்கும்போது கடையின் ஏர்கோனுக்குள் முடிவெடுக்காதீர்கள். மணிக்கட்டில் அடித்து, எலுமிச்சை வகையானால் சட்டைக்கையால் மறைத்துக்கொண்டு, வெளியே போய் வெயிலில் நடந்து, ஒரு மணி நேரம் கழித்து முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹேர் மிஸ்ட்டைச் சீப்பில் அடித்து, முடியின் நடுவிலிருந்து நுனிவரை வாருங்கள். ஆல்கஹால் உள்ளதை உச்சந்தலையில் அடித்தால் வறண்டு அரிக்கும். ஈரமுடியைக் கட்டி ஹெல்மெட் போட்டால் வரும் புழுக்க வாடையை எந்த மிஸ்ட்டும் மறைக்காது. முடியைக் காயவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எலுமிச்சை வகையை வெயில் படும் கழுத்திலும் கையிலும் அடிக்காதீர்கள். சிலவகை எலுமிச்சை எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலில் கறுப்புத் திட்டுகளை விட்டுவிடும். சட்டைக்குள் மறையும் இடமே சரி. வெனிலா கலந்தது வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கறை போடக்கூடும்.

மதியம் மறுபடி அடிக்க வேண்டுமென்றால் ஈர டிஷ்யூவால் துடைத்து, காயவிட்டு, இரண்டே அமுக்கு. உங்கள் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிட்டிருக்கும். அதனால் தெரியவில்லையே என்று கூட்டாமல், பக்கத்து மேசைக்காரியிடம் கேளுங்கள். மின்னணுத் தொழிற்சாலையின் தூசியில்லா அறையில் வேலை என்றால், அங்கே அழகுப்பொருள்களுக்கே தடை இருப்பது வழக்கம். முதலில் சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டு மிஸ்ட் வாங்குங்கள்.