வாவியில் மட்டும் ஏன் சூரியன் சிவக்கிறது?

க.பொ.த. உயர்தரம், விஞ்ஞானப் பிரிவு

காத்தான்குடியில் சூரியன் கடலில் உதித்து வாவியில் மறைகிறது. கடல் எங்களுக்குக் கிழக்கு. மட்டக்களப்பு வாவி மேற்கு. ஒருநாள் அஸருக்குப் பின் ஆற்றங்கரைக்குப் போயிருந்தபோது தம்பி கேட்டான்: "ராத்தா, பகல் முழுக்க வெள்ளையா இருந்த சூரியன் இப்ப ஏன் செவந்து போச்சு?"

"சூடு குறைஞ்சு போச்சு, அதான்" என்றேன். அவன் நம்பிவிட்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறுத்தியது. இங்கே மாலை 6 மணியாகும்போது மேற்கு ஆபிரிக்காவின் கானாவில் பகல் 12.30. அங்குள்ளவர்களுக்கு அதே சூரியன் உச்சியில் வெள்ளையாக எரிகிறது. அப்படியானால் மாறியது சூரியன் அல்ல. அதன் ஒளி எங்களிடம் வந்து சேரும் வழிதான்.

சூரிய ஒளி பல நிறங்களின் கலவை என்பது எல்லோரும் படித்ததே. நீல ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 450 நனோமீற்றர், சிவப்பு ஒளியினது 650 நனோமீற்றர். வளியிலுள்ள நைதரசன், ஒட்சிசன் மூலக்கூறுகள் இவற்றைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சிறியவை. இவ்வளவு சிறிய துணிக்கைகளில் ஒளி பட்டால் குறுகிய அலைகளே அதிகம் சிதறும் என்று றேலி பிரபு 1871 இல் காட்டினார். சிதறலின் அளவு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதசமமானது. 650 ஐ 450 ஆல் வகுத்து, வரும் விடையை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 4.35 வரும். அதாவது நீலம் சிவப்பைப் போல 4 மடங்குக்கு மேல் சிதறுகிறது. நண்பகலில் நாம் எந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்கு வருவது இப்படிச் சிதறிய நீலமே. ஊதா இன்னும் அதிகம் சிதறினாலும், சூரிய ஒளியில் அது குறைவு. நமது கண்ணும் அதைக் குறைவாகவே உணர்கிறது.

இனி தம்பியின் கேள்விக்கு வருவோம். சூரியன் உச்சியில் நிற்கும்போது ஒளி வளிமண்டலத்தை நேராகக் கடக்கிறது. அடிவானத்தைத் தொடும்போது சாய்வாக வருவதால், அது கடக்கும் வளி ஏறத்தாழ 38 மடங்கு. சுத்தமான வளியை ஒரு தடவை நேராகக் கடந்தால், நீலத்தில் 100 க்கு 80 உம் சிவப்பில் 100 க்கு 95 உம் தப்பி வரும் என்று வையுங்கள். பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை அல்லவா? இப்போது கைபேசியின் கல்குலேட்டரில் 0.8 ஐ 38 தடவை பெருக்கிப் பாருங்கள். நீலம் 10,000 க்கு 2 தான் மிஞ்சும். 0.95 ஐ அப்படியே பெருக்கினால் சிவப்பு 100 க்கு 14 மிஞ்சும். வழியில் இழந்த நீலம் வேறு ஊர்களின் வானத்துக்குப் போய்விட்டது. மிஞ்சிய சிவப்பும் செம்மஞ்சளுமே முகில்களிலும் வாவி நீரிலும் படுகின்றன.

சூரியன் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில் நிற்கும்போதுகூட ஒளி கடக்கும் வளி 6 மடங்கை எட்டுவதில்லை. 6 இலிருந்து 38 ஆவது கடைசி முக்கால் மணித்தியாலத்துக்குள்தான். அதனால்தான் நிறம் அவ்வளவு விரைவாக மாறுகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடிக் குவளை நிறைய நீர் எடுத்து, இரண்டு மூன்று துளி பால் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீர் இலேசான நீலமாகத் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து டோர்ச்சைப் பார்த்தால் அது மஞ்சளாக, பிறகு செம்மஞ்சளாகத் தெரியும். நான் முதல் தடவை ஒரு கரண்டி பாலை ஊற்றிவிட்டேன், எல்லாம் வெள்ளையாகிவிட்டது. துணிக்கைகள் அதிகமானால் ஒளி மீண்டும் மீண்டும் சிதறி நிறங்கள் எல்லாம் கலந்துவிடும்.

வானத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். புழுதியும் புகையும் நீர்த்துளிகளும் மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேயளவாகச் சிதறடிப்பதால், புகார் மூடிய நாளில் சூரியன் மங்கி மறைகிறது. மழை கழுவிவிட்ட மாலையில் நிறம் தெளிவாக இருக்கிறது. துணிக்கையின் பருமன் மாறினால் நிறமே மாறலாம்: 1883 ஓகஸ்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபின், செப்டெம்பரில் இலங்கையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது.

மறுநாள் தம்பியை மீண்டும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போய், நான் சொன்னது பிழை என்றேன். சூரியன் மறைந்து மஃரிபுக்கு பாங்கு சொன்ன பிறகும் மேற்கு சிவந்தே இருந்தது. "சூரியன் போயிட்டே, இது எங்கேருந்து வருது?" என்றான். உயரத்திலுள்ள வளியில் இன்னும் சூரிய ஒளி படுகிறது. இந்தச் செம்மை மறையும்போதுதான் இஷாவின் நேரம் வரும் என்றேன். இம்முறை அவன் உடனே நம்பவில்லை. குவளையையும் டோர்ச்சையும் கேட்டான்.