சபதத்தை விசாரித்தவன் யாரைக் குத்தினான்?

உத்தமபாளையம்

அன்புள்ள தம்பிக்கு,

'ஜே.ஜே: சில குறிப்புகள்' பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். நாவலில் அங்கதம் ஓடுகிறது என்பதை முதல் பக்கத்திலிருந்தே பிடித்துவிட்டாய். ஆனால் அது யாரை நோக்கிப் பாய்கிறது என்று சொல்ல வரும் இடத்தில் அவசரப்பட்டிருக்கிறாய். "கல்கியைக் கேலி செய்கிறார்" என்று ஒரு பத்தியில் எழுதுகிறாய். அடுத்த பத்தியில் "மலையாளியின் வாயால் தமிழனை அவமானப்படுத்துகிறார்" என்கிறாய். இரண்டும் ஒரே வாக்கியத்தைப் பற்றியவை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சுந்தர ராமசாமியின் இந்த நாவல் 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது. ஜோசஃப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளனைப் பற்றி, அவன் மீது பித்துக் கொண்ட பாலு என்ற தமிழ் எழுத்தாளன் குறிப்புகள் தொகுப்பதாக அமைந்தது. ஜே.ஜே. கற்பனைப் பாத்திரம். ஆனால் 1960 ஜனவரி 5இல், ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள் அவன் இறந்தான் என்று மெய்யான வாழ்க்கை வரலாற்றின் தோரணையில்தான் நாவல் பேசுகிறது. அப்படி ஒருவர் வாழ்ந்தாரா என்று விசாரித்த வாசகர்கள் உண்டு. அதே 1960இல் மறைந்த மலையாள நாடகாசிரியர் சி.ஜே. தாமஸின் சாயலை அவனிடம் கண்டவர்களும் உண்டு.

பாலு தன் நாயகனை நேரில் சந்திக்கிறான். தமிழ் எழுத்தாளர் என்று அவனை அறிமுகப்படுத்துகிறார்கள். ஜே.ஜே. அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: சிவகாமி தன் சபதத்தை முடித்துவிட்டாளா? பக்கத்து வீட்டு அம்மாளின் நலம் விசாரிப்பது போலக் கேட்கிறான். தமிழ்ச் சிற்றிதழ் உலகில் இந்தக் கேள்வி அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாக்கியங்கள் குறைவு. பலரும் சொன்னதாலேயே அதன் முனை மழுங்கி, "கல்கி மீது சு.ரா. வைத்த குட்டு" என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. உன் கட்டுரையும் அந்தப் பேச்சுவழக்கிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

இது நேர்க்கேள்வி அல்ல என்று எப்படித் தெரிகிறது? வேற்றுமொழி எழுத்தாளனைப் பார்த்தால் என்ன எழுதுகிறீர்கள், உங்கள் மொழியில் இப்போது யாரைப் படிக்க வேண்டும் என்று கேட்பதுதான் இயல்பு. இவனோ ஒரு கதைப் பாத்திரத்தின் கதியை விசாரிக்கிறான். சந்தர்ப்பத்துக்கும் கேள்விக்கும் இடையே உள்ள இந்தப் பொருத்தமின்மை முதல் தடயம். அடுத்த தடயம் காலம். 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை கல்கி இதழில் தொடராக வந்து முடிந்துவிட்டது. வாதாபி எரிந்தது, சபதம் நிறைவேறியது; ஆனால் நரசிம்மவர்மன் வேறொருத்தியை மணந்திருந்ததால் சிவகாமி இறைவனுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தாள். பாலு ஜே.ஜே.யைச் சந்திக்கும்போது இதெல்லாம் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. முடிந்துபோன ஒன்றை இன்னும் முடியாதது போலக் கேட்கிறவன் விவரம் தெரியாதவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் தெரிந்தே கேட்க வேண்டும். நாவல் முழுக்க நாம் காணும் ஜே.ஜே. விவரம் தெரியாதவன் அல்ல.

இங்கே பள்ளியில் படித்த வஞ்சப் புகழ்ச்சியை நினைத்துக்கொண்டு, சொன்னதைத் தலைகீழாகத் திருப்பினால் பொருள் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடாதே. அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன ஔவையின் புறநானூற்றுப் பாட்டை எடுத்துக்கொள். உன் படைக்கலங்கள் நெய் பூசி மாலை சூட்டிப் பளபளக்கின்றன, எங்களுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். இதில் எதைத் திருப்புவது? ஆயுதங்கள் உண்மையிலேயே பளபளக்கின்றன. ஒவ்வொரு சொல்லும் மெய். குத்து விழுவது ஆயுதத்தின் மீது அல்ல, அது இன்னும் போரைப் பார்க்கவில்லை என்பதன் மீது. ஜே.ஜே.யின் கேள்வியும் இந்த இனம்தான். அதைத் தலைகீழாக்கினால் உனக்கு ஒன்றும் கிடைக்காது. அது எந்த உண்மையின் மீது காலூன்றி நிற்கிறது என்று தேட வேண்டும்.

இலக்கைக் கண்டுபிடிக்க நான் கையாளும் வழி, வாக்கியத்தில் ஒரே ஒரு பொருளை மாற்றிப் பார்ப்பது. சிவகாமியை எடுத்துவிட்டுப் புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளையை வை. "கந்தசாமிப் பிள்ளை சௌக்கியமா?" என்று ஜே.ஜே. கேட்டால் அது கேலி ஆகாது. தமிழை நன்றாகப் படித்த ஒருவனின் பிரியமான விசாரிப்பு ஆகிவிடும். ஆக, கதைப் பாத்திரத்தை நலம் விசாரிப்பது என்ற உத்தி மட்டும் குத்தாகிவிடாது. இனி இதே கேள்வியை வேறொரு வாரப் பத்திரிகைத் தொடரின் நாயகியை வைத்துக் கேட்டுப் பார். குத்து அப்படியே நிற்கும். ஆகவே குத்தைச் சுமப்பது கல்கி என்ற தனிமனிதர் அல்ல. அடுத்த வாரம் என்ன ஆகும் என்று காத்திருப்பதையே இலக்கிய அனுபவமாக எண்ணிப் பழகிய வாசிப்புதான்.

இலக்கு கல்கிதான் என்றால் அந்த இடத்தில் கல்கிக்கு உரிய ஏதாவது கேலிக்குள் வந்திருக்க வேண்டும். நாகநந்தி அடிகளின் சூழ்ச்சிகளோ, இரட்டையர் உருவ ஒற்றுமையால் விளையும் குழப்பமோ, வாசகரிடம் நேராகப் பேசும் நடையோ, ஏதேனும் ஒன்று. கேள்வியில் அவற்றில் எதுவும் இல்லை. கல்கிக்குச் சிராய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்த பெயர் அவருடையது என்பதால் அவர் பெயர்தான் வாயில் வருகிறது. அந்தச் சந்திப்புக்கு முன்பே கு.ப.ரா. 1944இலும் புதுமைப்பித்தன் 1948இலும் இறந்துவிட்டார்கள். மௌனி தன் முக்கியமான கதைகளில் பலவற்றை எழுதிவிட்டார். மலையாளத்தின் சிறந்த மனம் ஒன்றுக்கு இவர்களில் ஒருவரும் எட்டவில்லை, சிவகாமி மட்டும் எட்டியிருக்கிறாள். கேள்வி காலூன்றி நிற்கும் உண்மை இதுதான். அதற்குப் பொறுப்பு யார் என்று நாவல் நம்மைப் பார்த்துக் கேட்கிறது.

இப்போது உன் இரண்டாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். கம்பத்தில் பிறந்த உனக்கு அந்தக் கேள்வி ஏன் அப்படி வலித்தது என்று எனக்குப் புரிகிறது. விடியுமுன் கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போகிறவர்களின் ஊர் நம்முடையது. குமுளிக்கு அப்பால் 'பாண்டி' என்று ஒருவன் கூப்பிடும்போது அந்தக் குரலில் என்ன இருக்கிறது என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் மலையாளி ஒருவன் தமிழனைப் பார்த்துப் புன்னகையோடு கேட்டால் அதே குரல்தான் உன் காதில் விழும். அந்தக் காது உனக்கு ஒரு பலம். சென்னையில் இருந்து படிப்பவருக்கு எட்டாத உறுத்தல் அது. ஆனால் அந்த உறுத்தலைச் சாட்சியாக ஏற்கும் முன் விசாரிக்க வேண்டும்.

கேலி செய்கிறவன் யார், கேட்பவன் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிடாதே. அந்தப் பேச்சை யாருக்காக எழுதியிருக்கிறார்கள் என்றும் பார். ஜே.ஜே. மலையாளியாக இருக்கலாம்; ஆனால் நாவல் தமிழில், தமிழ் வாசகருக்காக, நாகர்கோவிலில் வாழ்ந்த தமிழ் எழுத்தாளர் எழுதியது. திருவிதாங்கூரிலும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர் அது. மலையாளியின் குரலில் ஏளனம் எங்கே ஒளிந்திருக்கும் என்பது உன்னையும் என்னையும் போலவே அவருக்கும் தெரியும். தெரிந்தே அந்த வாயைத் தேர்ந்திருக்கிறார். இதே கேள்வியைத் தமிழ்ச் சிற்றிதழ்க்காரர் ஒருவர் கேட்டிருந்தால் கோஷ்டிச் சண்டை என்று ஒதுக்கியிருப்போம். அயலவன் கேட்கும்போது அப்படி ஒதுக்க முடிவதில்லை. தமிழரை இழிவுபடுத்துவது நோக்கம் என்றால் மலையாள இலக்கிய உலகம் நாவலில் தப்பியிருக்க வேண்டும். அது தப்பவில்லை. முற்போக்குப் புகழின் உச்சியில் இருக்கும் முல்லைக்கல் மாதவன் நாயரை நாவல் எப்படிக் காட்டுகிறது என்று திரும்பப் படி. அங்கே விழும் அடி சிவகாமி கேள்வியைவிடக் கனமானது.

முல்லைக்கல் பகுதியிலும் இலக்குத் தவற வாய்ப்பு உண்டு. அதைப் பொதுவுடைமைக்கு எதிரான தாக்குதல் என்று படித்தவர்கள் இருக்கிறார்கள். சு.ரா. எழுத வந்ததே இடதுசாரிச் சூழலில்தான். 'சாந்தி' போட்டியில் பரிசு பெற்ற 'தண்ணீர்' அவருடைய தொடக்ககாலக் கதைகளில் ஒன்று. ஜீவா 1963இல் மறைந்தபோது அவர் எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' முழுக்க நேசத்தால் ஆனது. கேலி பொதுவுடைமை மீது அல்ல என்பதற்கு அதை முடிவான ஆதாரம் என்று கொள்ளாதே. எழுத்தாளரின் கட்டுரையைக் கொண்டு நாவலின் பொருளைத் தீர்மானிக்கக் கூடாது. நாவலுக்குள் நீ கண்ட இலக்கைச் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம். நாவலுக்குள்ளேயே அதே மாற்றிப் பார்க்கும் சோதனையைச் செய். முல்லைக்கல்லின் கொள்கையை எடுத்துவிட்டு வேறொரு கொள்கையை வைத்தால் கேலி நிற்கிறதா, விழுகிறதா? நிற்கும் இடங்களில் இலக்கு, கொள்கையைப் படைப்பின் தரத்துக்குச் சான்றிதழாகக் காட்டும் பழக்கம். விழும் இடங்கள் உன் கண்ணில் பட்டால் அங்கே கொள்கையும் அடிபடுகிறது என்று நேராக எழுது. இரண்டு வகை இடங்களையும் பக்க எண்ணோடு பிரித்துக் காட்டினால் உன் கட்டுரையோடு வாதாட வருகிறவருக்குப் பிடித்துப் பேச ஏதாவது இருக்கும்.

பாலுவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும். தனக்கு விழுந்த அடியைத் தானே நமக்குச் சொல்கிறவன் அவன். சொல்லிவிட்டு, அடித்தவனையே பக்கம் பக்கமாகப் போற்றுகிறான். இந்தப் பக்தியை நாவல் எவ்வளவு தூரம் பார்த்துச் சிரிக்கிறது, எவ்வளவு தூரம் தானும் பங்கு கொள்கிறது? ஜே.ஜே.யின் நாட்குறிப்பு இரண்டாம் பகுதியில் வரும்போது அவன் தன்னைப் பற்றிக் கொள்ளும் சந்தேகங்களைப் பாலுவின் புகழ்ச்சிக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிகிறது. சில இடங்களில் இந்த இடைவெளி கூர்மையாகத் தெரிகிறது. ஆனால் எனக்குப் படுவது, ஜே.ஜே.யை நெருங்கும்போது சு.ரா.வின் கை இளகிவிடுகிறது. எல்லாரையும் துளைத்த பார்வை அவன் முன்னால் பணிந்து நிற்கிறது. இதை நாவலின் குறை என்றே நினைக்கிறேன். அங்கத நாவல் என்ற பெயரை நம்பி அந்த இடங்களிலும் மறைந்த கேலியைத் தேடினால், இல்லாததை எழுதுவாய். கேலி இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்வதும் உன் வேலைதான்.

உன் கட்டுரையில் முதலில் திருத்த வேண்டியது மூன்றாம் பத்தி. "கேலி செய்கிறார்" என்ற வினைக்கு முன்னால் ஒரு பெயரை மட்டும் வைத்து நிறுத்தாதே. யாருடைய எந்தச் செயலை, எந்தப் பழக்கத்தை என்பதையும் சேர்த்து எழுது. 'பாண்டி' பற்றிய உன் வரிகளை நீக்கிவிடாதே. அந்தக் கேள்வி முதலில் எப்படி வலித்தது, பிறகு ஏன் வேறாகத் தெரிந்தது என்ற வரிசையில் அதையே வைத்துக்கொள். முல்லைக்கல் பகுதியைத் திரும்பப் படித்துவிட்டு, கேலி விழுந்துவிடும் இடம் ஒன்றாவது இருந்தால் எனக்கு எழுது. கேலி நிற்கிறது என்று நான் நினைத்த இடங்களில் இரண்டைப் பற்றி எனக்கே இப்போது உறுதி குறைந்திருக்கிறது. உன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்