சுயவிவரத்தில் நாம் எங்கே?

என் சுயவிவரத்தை முதலில் ஒரு ரெஸ்யூமே பில்டரில்தான் தயாரித்தேன். "இலக்கை நோக்கி உழைக்கும் துடிப்பான பொறியாளர்" என்று அதுவே எழுதிக் கொடுத்தது. விடுதியில் பார்த்தால், நாலு பேர் தாளிலும் அதே வரி!

நிறுவனங்களின் விண்ணப்ப மென்பொருள் நம் தாளைப் பிரித்து, படிப்பு, ஆண்டு, திறமை என்று கட்டங்களில் போட்டுவிடுகிறது. இயந்திரம் எழுதியதா என்று அது பெரும்பாலும் ஆராய்வதில்லை. வேலை விளம்பரத்தில் கேட்ட சொற்கள் இருக்கிறதா என்றே தேடும். அலங்கார வரியில் அவை இருக்காது. அதைத் தாண்டினாலும், ஒரே வரியைப் பலமுறை படித்த அதிகாரிக்குச் சலித்துப்போகும்.

அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "மாத்தூர் தொழிற்பேட்டையில் 15 நாள் பயிற்சி. 6 மி.மீ. தகட்டில் ஆர்க் வெல்டிங் செய்தேன். டை பெனட்ரன்ட் சோதனையை உடனிருந்து பார்த்தேன்." விளம்பரம் கேட்ட வெல்டிங், சோதனை இரண்டுமே வந்துவிட்டன.

"பார்த்தேன்னு எதுக்குடா? செய்தேன்னு போடு" என்றான் நண்பன். நான் மாற்றவில்லை. நேர்முகத்தில் கேட்டார்கள்: "பெனட்ரன்ட் தடவின உடனே துடைக்கலாமா?"

"கூடாது சார். விரிசலுக்குள்ள இறங்கணும். பத்து நிமிஷம் விட்டதைப் பார்த்தேன், நான் செய்யலை" என்றேன். அடுத்த கேள்விகள் எல்லாம் நான் செய்த வெல்டிங்கில்தான் வந்தன.