நலமுரண் பிரிவை எழுதுவது எப்படி?
தொழில் நடத்தும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பாடம்

நடத்தை விதிகளை அச்சிட்டு ஊழியர்களின் கையொப்பம் பெற்றிருக்கும் நிறுவனங்கள் பல. அவற்றின் நலமுரண் பிரிவைப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே வாக்கியந்தான் இருக்கும்: "நிறுவனத்தின் நலனுக்கு முரணான எச்செயலிலும் ஊழியர் ஈடுபடலாகாது." படிக்கும்போது குறையொன்றும் தோன்றாது. ஒரு சிக்கல் எழும் நாளில்தான் இவ்வாக்கியம் எதையும் தடுக்கவில்லை என்பது விளங்கும். ஊழியருக்கு எது தடை என்பது ஐயமின்றித் தெரியும்படி இப்பிரிவை எழுதும் முறையை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஒரு கொள்முதல் அலுவலரின் கதை

ராஜ்கோட்டில் நீரேற்றும் பம்புகளைச் செய்யும் நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஊழியர்கள் 85 பேர். பம்பின் உடற்பகுதிக்கான இரும்பு வார்ப்புகளை வெளியிலிருந்து மாதந்தோறும் 10,000 கிலோ வாங்குகிறார்கள். கொள்முதல் அலுவலர் பன்னிரண்டு ஆண்டுப் பணிக்காலம் உடையவர். கைச்சுத்தமானவர் என்று பெயர் பெற்றவர். அவருடைய மனைவியின் தம்பி ஒரு வார்ப்பாலை தொடங்குகிறார். பழைய வழங்குநர் கிலோவுக்கு 98 ரூபாய் கேட்க, மைத்துனர் 97 ரூபாய்க்குத் தருகிறார். மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, மிகக் குறைந்ததைத் தேர்ந்ததாகக் கோப்பில் பதிவாகிறது. உறவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து உற்பத்திப் பிரிவிலிருந்து புகார் வருகிறது. கடைசல் இயந்திரத்தில் ஏற்றிய பிறகு வார்ப்புகளுள் காற்றுத் துளைகள் வெளிப்படுகின்றன; மாதத்துக்குச் சுமார் 500 கிலோ கழிவாகிறது. பழைய வழங்குநரிடமிருந்து வந்த பழுதான வார்ப்புகள் திருப்பியனுப்பப்பட்டு, அவற்றின் விலை பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டன. புதியவரிடம் அது நடக்கவில்லை. "தொடக்க நிலையில் இருக்கிறார்கள், சற்றுப் பொறுப்போம்" என்று அலுவலர் எழுதிய குறிப்பு கோப்பில் இருந்தது.

கணக்கிட்டுப் பாருங்கள். விலையில் கிடைத்த மிச்சம் மாதம் 10,000 ரூபாய். திருப்பாத 500 கிலோவுக்குக் கொடுத்த விலை 48,500 ரூபாய். பழைய இரும்பாக விற்றுக் கிடைப்பதை ஒதுக்கிவிட்டால், மாத இழப்பு 38,500 ரூபாய். அலுவலர் ஒரு ரூபாய்கூடக் கையூட்டுப் பெறவில்லை. குறைந்த விலையைத்தான் தேர்ந்தார். ஆயினும் நிறுவனம் இழந்தது.

விளக்கம் கேட்டபோது அவர் இரண்டு வினாக்களை எழுப்பினார். "மிகக் குறைந்த விலைக்கு வாங்கியது எவ்வாறு நிறுவனத்தின் நலனுக்கு முரணாகும்? மைத்துனரிடம் வாங்கக் கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது?" இரண்டுக்கும் அந்த ஒற்றை வாக்கியத்தில் விடையில்லை. உள்விசாரணையில் குற்றச்சாட்டு இன்னதென்று குறிப்பாகச் சொல்லப்பட வேண்டும். விதி குறிப்பாக இல்லாதபோது குற்றச்சாட்டும் குறிப்பாக அமையாது. அதைவிட முக்கியமானது, அவ்வலுவலருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டியதில்லை.

"உறவினர்" யார்?

முதலில் தெளிவாக வேண்டியது இச்சொல்தான். "சட்டத்தில் உள்ளவாறு" என்று எழுதி விட்டுவிடுவோர் உண்டு. கம்பெனிகள் சட்டம், 2013-இன்படி உறவினர் என்போர் கணவன் அல்லது மனைவி, இந்துக் கூட்டுக் குடும்ப உறுப்பினர், தந்தை, தாய், மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரர், சகோதரி ஆகியோர். மனைவியின் தம்பியோ சகோதரியின் கணவரோ இப்பட்டியலில் இல்லை. சட்டத்தின் பட்டியலை அப்படியே எடுத்தாண்டிருந்தால், நம் ராஜ்கோட் அலுவலர் விதியை மீறியவரே ஆகமாட்டார். நம் குடும்ப அமைப்பில் தொழில் தொடர்புகள் பெரிதும் பெண்கொடுத்த, பெண்ணெடுத்த வீடுகளின் வழியாகவே வருகின்றன. ஆகவே அவ்வுறவுகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அதே சட்டத்தின் 184-ஆம் பிரிவிலிருந்து வேறொன்றைக் கற்கலாம். நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒன்றில் இயக்குநருக்குச் சொந்த நலன் இருந்தால், அவர் அதனை இயக்குநர் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பொருள் பேசப்படும்போது பங்கெடுக்கலாகாது. தனியார் நிறுவனங்களுக்கு இதில் சில தளர்வுகள் உண்டு. உறவு இருப்பதைச் சட்டம் குற்றமாக்கவில்லை. தெரிவிப்பதையும் விலகி நிற்பதையும் கடமையாக்குகிறது. ஆனால் இப்பிரிவு இயக்குநர்களுக்கானது. கொள்முதல் அலுவலருக்கும் கிடங்குக் காப்பாளருக்கும் அக்கடமையை விதிக்க வேண்டியது நிறுவனத்தின் நடத்தை விதிகளே.

செயல்களைப் பெயர் சொல்லுதல்

அடுத்து, தடைசெய்யப்படும் செயல் எது? "உறவினருக்குச் சாதகமாக நடந்துகொள்ளலாகாது" என்று எழுதினால், சாதகம் எது என்ற வாதம் தொடங்கும். தான் நடுநிலையாகவே நடந்ததாக ஒவ்வொருவரும் மனமார நம்புவர். ராஜ்கோட் அலுவலரும் நம்பினார். எனவே மனநிலையைத் தடைசெய்யாமல், கண்ணால் காணக்கூடிய செயலைத் தடைசெய்ய வேண்டும். கையொப்பம் இட்டாரா இல்லையா என்பதில் வாதமில்லை.

எந்தெந்தச் செயல்கள் என்பதை அறிய, ஒரு கொள்முதல் தொடங்குவதிலிருந்து பணம் வழங்கும் வரை கோப்பு யார் யார் கையில் செல்கிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். விலைப்புள்ளி கோருதல், ஒப்பிடுதல், ஆணை வழங்குதல், சரக்கைச் சோதித்து ஏற்றல், பழுதைத் திருப்புதல், பட்டியலை அனுமதித்தல் என ஒவ்வொரு படியும் ஒரு முடிவு. வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் படியை மட்டும் தடைசெய்யும் நிறுவனங்கள் மிகுதி. மேற்கண்ட கதையிலோ இழப்பு நேர்ந்தது பழுதைத் திருப்பும் படியில்.

இன்னொரு வழியையும் அடைக்க வேண்டும். அலுவலர் தாம் விலகி நின்று, தமக்குக் கீழ்ப் பணிபுரியும் எழுத்தரிடம் கோப்பைக் கொடுத்துவிடலாம். எழுத்தரின் ஊதிய உயர்வு அலுவலரின் கையில் இருக்கும்வரை அது விலகல் ஆகாது.

மாதிரிப் பிரிவு

இவற்றையெல்லாம் கருதி எழுதப்பட்ட பிரிவு பின்வருமாறு அமையலாம்.

1. இப்பிரிவில் "நெருங்கியவர்" என்பது ஊழியரின் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர். கணவன் அல்லது மனைவியின் பெற்றோர், உடன்பிறந்தோர். பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரின் கணவன் அல்லது மனைவி. ஊழியருடன் ஒரே வீட்டில் வாழ்பவர். அவருடன் கூட்டாகத் தொழில் நடத்துபவர் ஆகியோரைக் குறிக்கும்.

2. ஊழியரோ அவருடைய நெருங்கியவரோ உரிமையாளராக, பங்காளியாக, இயக்குநராக அல்லது தரகராக உள்ள வழங்குநரைப் பொறுத்தவரை, அவ்வூழியர் விலைப்புள்ளி கோருதல், ஒப்பிடுதல், ஆணை வழங்குதல், சரக்கை ஏற்றல் அல்லது திருப்புதல், பட்டியலை அனுமதித்தல், பிற வழங்குநரின் விலையைத் தெரிவித்தல் ஆகியவற்றுள் எதனையும் செய்யலாகாது. தம் கீழ்ப் பணிபுரிபவரைக் கொண்டு செய்விக்கவும் கூடாது. விலை குறைவாக இருந்தது, நிறுவனத்துக்கு இழப்பில்லை என்பன விலக்குக் காரணங்கள் ஆகா.

3. இத்தகைய தொடர்பை அறிந்த 7 நாட்களுக்குள் ஊழியர் அதனை உரிய படிவத்தில் நிர்வாக மேலாளரிடம் தெரிவிக்க வேண்டும். மேலாளர் 10 நாட்களுக்குள், அவ்வேலையை எவரிடம் மாற்றியுள்ளார் என்பதை எழுத்தில் தெரிவிப்பார். அதுவரை அவ்வழங்குநருக்குப் புதிய ஆணை வழங்கப்படாது.

4. நெருங்கியவர் வழங்குநராக இருப்பது மட்டுமே குற்றமன்று. தெரிவிக்காமல் இருப்பதும், 2-ஆம் உட்பிரிவில் கூறிய செயலைச் செய்வதும் ஒழுங்கீனம் ஆகும்.

5. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் பங்குகளை முதலீடாக வைத்திருப்பதற்கு இப்பிரிவு பொருந்தாது. ஆனால் அப்பங்குகள் அந்நிறுவனத்தின் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டலாகாது.

நான்காவது உட்பிரிவைச் சிலர் தேவையற்றதாகக் கருதுவர். அதுவே இப்பிரிவின் உயிர்நாடி. தெரிவித்தாலே தண்டனை என்று அஞ்சும் ஊழியர் தெரிவிக்கமாட்டார். மைத்துனரின் வார்ப்பாலை நல்ல வார்ப்புகளைத் தந்தால், வேறொருவரின் மேற்பார்வையில் அவரிடம் வாங்குவதில் தவறேதும் இல்லை. நாட்கணக்கு, விழுக்காடு ஆகியவற்றைத் தங்கள் நிறுவனத்துக்கு ஏற்பத் தாங்களே முடிவு செய்யலாம். எண் ஒன்று இருக்க வேண்டும் என்பதே இன்றியமையாதது. "விரைவில்", "கணிசமான" என்னும் சொற்கள் அந்த எண்ணின் இடத்தை நிரப்பா.

எழுதியதைச் சோதித்தல்

வரைவு ஆயத்தமானதும் கிடங்குக் காப்பாளர், எழுத்தர், தரச் சோதனையாளர் என நால்வரை அழைத்து அவர்கள் படிக்கும் மொழியில் கொடுங்கள். ராஜ்கோட்டில் எனில் குஜராத்தியில். பின்பு சில நிகழ்வுகளைச் சொல்லி, "செய்யலாமா, கூடாதா, தெரிவிக்க வேண்டுமா?" என்று தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். மைத்துனரின் லாரி வாடகைக்கு வருகிறது. பழைய வகுப்புத் தோழர் வழங்குநராக இருக்கிறார். மனைவி வழங்குநரின் அலுவலகத்தில் கணக்கராகப் பணிபுரிகிறார். நால்வரின் விடைகளும் ஒத்திருந்தால் பிரிவு தெளிவாக உள்ளது. வேறுபட்டால் குறை அவர்களிடம் இல்லை, வாசகத்தில் உள்ளது. மூன்றாம் நிகழ்வை மேற்கண்ட மாதிரியில் வைத்துப் பாருங்கள். மனைவி உரிமையாளரோ பங்காளியோ அல்லர், ஊதியம் பெறுபவர். ஆகவே இரண்டாம் உட்பிரிவு அவரைத் தொடவில்லை. அவரையும் சேர்க்க விரும்பினால் "ஊழியராக" என்ற சொல்லை அங்கே இடவேண்டும்.

இரண்டு எல்லைகள்

பணியிலிருந்து விலகிய பின்னரும் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாதென்று இப்பிரிவிலேயே எழுதுவோர் உளர். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 27-ஆம் பிரிவின்படி, ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. பணிக்காலத்தில் இருக்கும்போது தடுக்கலாம்; விலகிய பின் பொதுவாக இயலாது. செல்லாத வாசகத்தைச் சேர்த்தால், செல்லும் வாசகத்தின் மீதும் ஊழியருக்கு நம்பிக்கை குறையும்.

மற்றோர் எல்லை உரிமையாளரைச் சார்ந்தது. முதலாளியின் தம்பி அட்டைப்பெட்டிகளை வழங்கி, அவர் பட்டியலை முதலாளியே அனுமதித்து வந்தால், எத்துணைத் தெளிவாக எழுதினும் ஊழியர்கள் இப்பிரிவைத் தங்களுக்கு மட்டும் போட்ட வேலியாகவே காண்பர். குடும்பத் தொழிலில் அத்தகைய கொள்முதல் இயல்பே. அதனையும் அதே படிவத்தில், அதே பதிவேட்டில் எழுதி வையுங்கள். அப்பதிவேட்டின் முதல் வரியில் உரிமையாளரின் பெயர் இருக்குமானால், இரண்டாம் வரியில் தம் பெயரை எழுதக் கொள்முதல் அலுவலர் தயங்கமாட்டார்.