நாய்க்குட்டி வந்த வீட்டில் புழு மருந்துக் கணக்கு

பிறந்து 45 நாளான குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் எல்லோரும் கேட்பது தடுப்பூசி எப்போது என்றுதான். அதற்கு முன்பே கவனிக்க வேண்டியவை குட்டியின் குடலில் இருக்கும் இரண்டு. ஒன்று உருண்டைப்புழு. மற்றொன்று ஜியார்டியா என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் உயிரி. இரண்டையும் ‘பூச்சி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பல வீடுகளில் குட்டியின் வயிறு சரியாவதே இல்லை.

1. ‘என் குட்டி சுத்தமான வீட்டில் பிறந்தது, அதற்குப் புழு இருக்காது’ என்று நம்ப வேண்டாம். தாய் நாயின் தசைகளில் உருண்டைப்புழுவின் இளம்புழுக்கள் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். அது சினையானதும், கடைசி மூன்று வாரங்களில் அவை விழித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் கருவில் இருக்கும் குட்டிகளுக்குள் போய்விடும். பிறந்த பிறகு பால் வழியாகவும் போகும். அதனால் குட்டி பிறக்கும்போதே புழுவுடன்தான் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வது நல்லது. மூன்று வார வயதிலேயே அதன் மலத்தில் முட்டை வரத் தொடங்கிவிடும். தாய் நாய்க்கு வழக்கமான புழு மாத்திரையைச் சரியாகக் கொடுத்திருந்தாலும் இது நடக்கும். அந்த மாத்திரை குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும், தசைக்குள் உறங்குவதைத் தொடாது.

2. மருந்துக்கான கால அட்டவணை இதுதான்: பிறந்த 2, 4, 6, 8 ஆகிய வாரங்களில் ஒவ்வொரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குட்டிகளுக்குக் கொடுக்கும் நாட்களில் தாய்க்கும் கொடுக்க வேண்டும். குட்டிகளின் மலத்தைத் தாய் நக்கியே சுத்தம் செய்வதால் அதன் வயிற்றுக்குள்ளும் புழு போய்ச் சேர்கிறது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏன் என்று பலரும் கேட்பார்கள். முதல் தவணை மருந்து கொடுக்கும் நாளில் குட்டியின் கல்லீரலிலும் நுரையீரலிலும் இளம்புழுக்கள் பயணத்தில் இருக்கும். குடலில் இருப்பவை செத்து விழும். பயணத்தில் இருப்பவை சில நாட்களில் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். அவை வளர்ந்து முட்டையிடும் முன் அடுத்த தவணை போக வேண்டும். ஒருமுறை கொடுத்தபோது மலத்தில் புழுவே வரவில்லை என்று அடுத்ததை நிறுத்துவது இதனால்தான் தவறு.

3. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 1-ல் பிறந்த குட்டி, பிப்ரவரி 15-ல் உங்கள் வீட்டுக்கு வருகிறது. கொடுத்தவரிடம் கேட்டால், ‘பூச்சி மருந்தெல்லாம் போட்டாச்சு’ என்கிறார். தேதி தெரியவில்லை, மருந்தின் பெயரும் தெரியவில்லை. அப்படியானால் போடவில்லை என்றே கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி அன்றே முதல் தவணை. பிறகு மார்ச் 1, மார்ச் 15. அதன்பின் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் 15-ம் தேதி. அடுத்தது செப்டம்பர் 15, அங்கிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தேதி, எடை, மருந்தின் பெயர் மூன்றையும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.

4. ஒவ்வொரு தவணைக்கும் அன்றன்றைய எடைக்குத்தான் மருந்து. குட்டி வேகமாக எடை போடுவதால் போன மாத அளவு இந்த மாதம் போதாது. சின்னக் குட்டியைச் சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தில் வைத்து நிறுக்கலாம். பெரிய குட்டி என்றால் அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் எடை இயந்திரத்தில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். குட்டிகளுக்கான பைரன்டெல் கலந்த திரவ மருந்துகளில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லி என்று சீசாவிலேயே இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும் என்பதால் பழைய சீசாவின் கணக்கைப் புதியதற்குப் போடாதீர்கள். சீசாவை நன்றாகக் குலுக்கிவிட்டு, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் ஓரமாக மெதுவாக விடுங்கள். பட்டினி போடத் தேவையில்லை. பேதி மருந்தும் வேண்டாம்.

மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் வேகவைத்த சேமியா போல வெண்மையான புழுக்கள் சுருண்டு கிடந்தால் பயப்படாதீர்கள், மருந்து வேலை செய்கிறது. ஆனால் மருந்துக்கு முன்பே வயிறு பானைபோல் உப்பி, குட்டி வாந்தியில் புழுவைக் கக்கியிருந்தால் வீட்டில் மருந்து கொடுக்க வேண்டாம். நிறைய புழு ஒரே நேரத்தில் செத்தால் குடலையே அடைத்துவிடும். அது மருத்துவர் கண்ணெதிரே நடக்க வேண்டிய வேலை.

5. பூண்டு நசுக்கிக் கொடுத்தால் புழு போகும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

6. சரியான தேதிகளில் மருந்து போட்ட பிறகும் மலம் இளகியே போகிறதா? ஜியார்டியாவைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் அது. காலையில் முதலில் போவது ஓரளவு கெட்டியாக இருக்கும். மதியத்துக்குள் வெளிர் நிறமாக, சளி பூசியதுபோல், கடுமையான நாற்றத்துடன் கூழாகப் போகும். இரண்டு நாள் சரியாகி மறுபடி தொடங்கும். குட்டி நன்றாகத்தான் சாப்பிடும், விளையாடும். எடை மட்டும் ஏறாது. பல குட்டிகளை ஒன்றாக அடைத்து வைக்கும் இடங்களிலிருந்து வந்தவற்றில் இதை அதிகம் பார்க்கலாம். வழக்கமான ஒருவேளைப் புழு மருந்து ஜியார்டியாவை ஒழிக்காது.

7. பரிசோதனைக்கு ஒருநாள் மலம் போதாது. ஜியார்டியா தினமும் வெளியே வராது. இன்று இல்லை என்று வந்த முடிவு நாளை மாறலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் என மூன்று மாதிரிகளைச் சுத்தமான டப்பாவில் எடுத்து, ஒவ்வொன்றையும் அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். உடனடி முடிவு காட்டும் பரிசோதனைப் பட்டையும் சில மருத்துவமனைகளில் உண்டு. சிகிச்சை முடிந்து சில வாரங்கள் வரை அது ‘இருக்கிறது’ என்றே காட்டக்கூடும். குட்டி தேறி, மலமும் கெட்டியாகிவிட்டால் அந்தக் கோட்டைப் பார்த்து மறுபடி மருந்தைத் தொடங்க வேண்டாம்.

8. சிகிச்சைக்குப் பெரும்பாலும் ஃபென்பெண்டசோல் தருவார்கள்: ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம், உணவோடு, தினமும் ஒருவேளை, மூன்று முதல் ஐந்து நாள். 2 கிலோ குட்டிக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சில சமயம் மெட்ரோனிடசோலும் எழுதுவார்கள். இங்கேதான் ஓர் எச்சரிக்கை. வீட்டில் மிச்சமிருக்கும், மனிதர்களுக்கான 400 மில்லிகிராம் மெட்ரோனிடசோல் மாத்திரையை ‘வயிற்றுப்போக்குக்குத்தானே’ என்று குட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். 2 கிலோ உடம்புக்கு அது பல மடங்கு அதிகம். தலை ஒருபக்கம் சாய்வது, கால் தள்ளாடுவது, வலிப்பு என்று மூளையைத் தாக்கும்.

9. சுத்தம் செய்யும் விதமும் இரண்டுக்கும் வேறு வேறு. உருண்டைப்புழுவின் முட்டை புது மலத்தில் இருக்கும்போது யாருக்கும் தொற்றாது. மண்ணில் கிடந்து, உள்ளே இளம்புழு உருவாகக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகும். தினமும் மலத்தை அள்ளி அப்புறப்படுத்தும் வீட்டில் அந்த முட்டை பக்குவமாக வாய்ப்பே இல்லை. விட்டுவிட்டாலோ, அது ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். பினாயிலோ ப்ளீச்சிங் பவுடரோ அதைக் கொல்லாது. சிமென்ட் தரை என்றால் மலத்தை அள்ளியபின் கொதிக்கும் நீரை ஊற்றலாம். மண் தரைக்கு அள்ளுவது ஒன்றே வழி. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் முட்டை செடிப்பாத்தி வரை பரவும்.

ஜியார்டியா அப்படிக் காத்திருக்காது. வெளியே வந்த நிமிடத்திலேயே அது தொற்றும். ஈரத்தில் வாரக்கணக்கில் பிழைக்கும், காய்ந்தால் சாகும். அதனால் மலத்தை உடனே எடுங்கள், தரையைக் கழுவியபின் நன்றாகக் காயவிடுங்கள். படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கொதிநீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். இவற்றைவிடவும் பலரும் மறப்பது, மருந்தின் கடைசி நாளில் குட்டியைக் குளிப்பாட்டுவது. பின்பக்க ரோமத்தில் ஒட்டியிருப்பதை அது நக்கினால் தொற்று மறுபடியும் உள்ளே போகும். வாலடியையும் தொடையையும் ஷாம்பு போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ‘மருந்து கேட்கவில்லை’ என்று திரும்பி வரும் குட்டிகளில் பலவற்றுக்கு நடந்திருப்பது இந்த மறுதொற்றுதான்.

10. வீட்டிலுள்ளவர்களுக்கு என்ன ஆபத்து? நாயிடம் காணப்படும் ஜியார்டியா பெரும்பாலும் நாய்க்கே உரிய வகைகள். மனிதருக்குத் தொற்றும் வகை சில நாய்களிடம் இருக்கலாம். கை கழுவும் பழக்கம் போதும், குட்டியை வீட்டைவிட்டு அனுப்ப வேண்டியதில்லை. நோயெதிர்ப்பு குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், அந்த நாட்களில் மலம் அள்ளும் வேலையை வேறொருவர் பார்க்கட்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது உருண்டைப்புழுவைப் பற்றித்தான், அதுவும் தவழும் குழந்தையும் மண் தின்னும் குழந்தையும் உள்ள வீடுகளில். நாயைத் தடவுவதைவிட, பழைய மலம் கலந்த மண்தான் இதில் முக்கிய வழி. பக்குவமான முட்டை குழந்தையின் வயிற்றுக்குள் போனால் இளம்புழு வெளிவந்து, வளர்ந்த புழுவாக ஆக முடியாமல், கல்லீரல், நுரையீரல், சில சமயம் கண் என்று அலையும். விடாத காய்ச்சல், இருமல், இளைப்பு, வயிற்றுவலி வரலாம். வெறும் மணல், தொட்டி மண், பாத்தி இவற்றை நாய் எட்டாதபடி மூடிவையுங்கள். குழந்தையின் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தோட்டத்துக் கீரையையும் கொத்தமல்லியையும் பலமுறை அலசுங்கள்.

11. குழந்தையை மருத்துவரிடம் காட்டும்போது வீட்டில் நாய்க்குட்டி இருப்பதையும், குழந்தை மண் தின்பதையும் நீங்களாகவே சொல்லுங்கள். புழு மனிதக் குடலில் முட்டையிடாததால் குழந்தையின் மலப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. ரத்தத்தில் ஈசினோபில் அணுக்கள் ஏறியிருப்பதும் அதற்கென உள்ள ரத்தப் பரிசோதனையும்தான் காட்டிக்கொடுக்கும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசிய குடற்புழு நீக்க நாட்களில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை மனிதக் குடற்புழுக்களுக்கானது. அதைப் போட்டாகிவிட்டது என்பதால் இந்த நோய் இல்லை என்றாகாது. இதற்கான சிகிச்சை பல நாள் நீளும்.

12. கண்ணில் புழு போனால் பெரும்பாலும் ஒரு கண்தான் பாதிக்கும். மற்றக் கண்ணால் பார்த்துப் பழகிவிடுவதால் குழந்தை சொல்லாது. மாதத்துக்கு ஒருமுறை விளையாட்டாக ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, எதிரில் விரலை நீட்டி எத்தனை என்று கேளுங்கள். பிறகு மறுகண்ணை மூடுங்கள். ஒரு பக்கத்தை மூடும்போது மட்டும் குழந்தை கையைத் தட்டிவிட்டாலோ, கண் மாறுகண்ணாகத் திரும்பினாலோ, கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.